வளைவில் மிச்சமாகும் மீட்டர்கள்

மாரத்தான் ஓடி முடித்தவர்கள் கூடி நிற்கும் இடத்தில் ஒரு பேச்சு தவறாமல் காதில் விழும். ‘என் வாட்ச் 42.7 காட்டுதே, உன்னோடது?’ ‘எனக்கு 42.9.’ ஐந்து நிமிடத்தில் அமைப்பாளர்கள் மேல் பழி விழுந்துவிடும். பாதையைச் சரியாக அளக்கவில்லை, அரை கிலோமீட்டர் அதிகமாக ஓடவைத்துவிட்டார்கள் என்று.

மாரத்தானின் தூரம் 42.195 கிலோமீட்டர். முறையாக அளந்து சான்று பெற்ற பாதை அதைவிட அதிகமாக இருந்தாலும் நாற்பது, ஐம்பது மீட்டர்தான் இருக்கும். அப்படியானால் வாட்சில் தெரியும் அந்த மீதித் தூரம் எங்கிருந்து வந்தது? அதில் ஒரு பங்கு ஜிபிஎஸ் கடிகாரத்தின் பிழை. இன்னொரு பங்கு பிழையே அல்ல. அந்த ஓட்டக்காரர் தம் காலால் உண்மையிலேயே ஓடிய தூரம். சாலை திரும்பும் இடங்களிலெல்லாம் உள்பக்கத்தை விட்டுவிட்டு நடுவிலோ வெளிப்பக்கமாகவோ ஓடியதற்குக் கொடுத்த விலை அது. அந்த விலை எவ்வளவு என்று பந்தயத்துக்கு முன்பே, ஒரு வரைபடத்தையும் கோணமானியையும் வைத்துக்கொண்டு ஓரளவு நெருக்கமாகவே கணக்கிட்டுவிடலாம்.

முதலில், பாதையை அளப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்கவேண்டும். உலகம் முழுவதும் சாலைப் பந்தயங்களை சைக்கிளில்தான் அளக்கிறார்கள். சைக்கிளின் முன்சக்கரத்தில் ‘ஜோன்ஸ் கவுண்டர்’ என்ற சிறிய எண்ணும் கருவி பொருத்தப்பட்டிருக்கும். சக்கரம் உருள உருள எண் ஏறும். ஓர் எண் ஏறுவதற்குச் சக்கரம் சுமார் 9 செ.மீ. நகரவேண்டும். இரும்பு நாடாவால் துல்லியமாக அளந்துவைத்த ஒரு நேர்ச்சாலையில் முதலில் பலமுறை ஓட்டி, ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை எண் என்று நிர்ணயித்துக்கொள்வார்கள். பிறகு பந்தயப் பாதையில் இறங்குவார்கள்.

அங்கே அவர்கள் சைக்கிள் ஓட்டும் விதம் சாதாரணமாகச் சாலையில் போகிறவர் ஓட்டும் விதம் அல்ல. இடது வளைவு வந்தால் இடப்பக்க பிளாட்பாரக் கல்லிலிருந்து 30 செ.மீ. தள்ளி, கல்லை உரசுவதுபோல் திரும்புவார்கள். அடுத்தது வலது வளைவு என்றால், முதல் வளைவு முடிந்த கணமே சாலையின் குறுக்கே ஒரே நேர்கோடாகச் சாய்ந்து போய் வலப்பக்கக் கல்லை அடைவார்கள். இதற்காகவே சாலையில் வண்டிகள் இல்லாத அதிகாலையில், போலீஸ் துணையோடு அளப்பது வழக்கம். ஓட்டக்காரர் ஒருவர் விதியை மீறாமல் ஓடக்கூடிய மிகக் குறுகிய வழி எதுவோ, அதுதான் அளக்கப்படுகிறது. அந்த வழியே 42.195 கிலோமீட்டருக்குக் குறையக்கூடாது என்பதற்காக, கடைசியில் ஆயிரத்துக்கு ஒரு பங்கு நீளத்தைக் கூடுதலாகவும் சேர்ப்பார்கள். மாரத்தானில் அது 42 மீட்டர்.

ஆக, சான்றிதழில் உள்ள தூரம் குறுக்குக் கோட்டின் தூரம். அந்தக் கோட்டில் ஓடாத ஒவ்வொருவரும் அதைவிட அதிகமாகத்தான் ஓடுகிறார்.

இவ்வளவு கறாராக அளக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1981 நியூயார்க் மாரத்தான் சாட்சி. ஆல்பர்ட்டோ சலஸார் அன்று 2 மணி 8 நிமிடம் 13 விநாடியில் ஓடி, டெரெக் கிளேட்டன் 1969இல் வைத்த சாதனையை இருபது விநாடியில் முறியடித்தார். சில ஆண்டுகள் கழித்துப் பாதையை மறுபடியும் அளந்தபோது அது சுமார் 148 மீட்டர் குறைவாக இருந்தது தெரிந்தது. சலஸாரின் வேகத்தில் 148 மீட்டர் என்பது 27 விநாடி. சாதனை பட்டியலிலிருந்து நீங்கியது. உலகின் தலைசிறந்த ஓட்டக்காரர்கள் மட்டத்தில் நூறு, நூற்றைம்பது மீட்டருக்கு இத்தனை மதிப்பு. நான்கு மணி நேரத்துக்குள் முடிக்கவேண்டும் என்று ஆறு மாதம் பயிற்சி எடுத்து, 4:00:40க்கு வந்து நிற்பவருக்கும் அதே மதிப்புதான்.

இப்போது கணக்கு. கோயில் பிரகாரத்தை இருவர் பக்கத்தில் பக்கத்தில் சுற்றி வருவதாக வைத்துக்கொள்வோம்; உள்ளே ஒருவர், அவருக்கு ஒரு மீட்டர் வெளியே இன்னொருவர். ஒரு முழுச் சுற்று முடியும்போது வெளியே இருப்பவர் எவ்வளவு அதிகம் நடந்திருப்பார்? 6.28 மீட்டர். கோயில் பெரிதானாலும் சிறிதானாலும், பிரகாரம் வட்டமோ நீள்சதுரமோ எப்படியிருந்தாலும், மூலைகளை ஒரே இடைவெளியில் வளைந்து திரும்பினால் அதே 6.28 மீட்டர்தான். சுற்றின் நீளத்துக்கும் இந்த வித்தியாசத்துக்கும் சம்பந்தமே இல்லை. இரண்டே விஷயங்கள்தான் அதைத் தீர்மானிக்கின்றன: எவ்வளவு திரும்பினார்கள், ஒருவருக்கும் மற்றவருக்கும் இடையே எவ்வளவு தள்ளி.

முழுச் சுற்று என்பது 360 டிகிரி. 6.28ஐ 360ஆல் வகுத்தால் ஒரு டிகிரிக்கு 1.75 செ.மீ. இந்த ஓர் எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். உள்விளிம்பிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி ஓடினால், சாலை திரும்பும் ஒவ்வொரு டிகிரிக்கும் 1.75 செ.மீ. நஷ்டம். தெருமுனையில் செங்கோணத் திருப்பம் என்றால் 90 டிகிரி, அதாவது 1.57 மீட்டர். இரண்டு மீட்டர் தள்ளியிருந்தால் 3.14. சாலையில் ஒரு லேன் முழுவதும் தள்ளியிருந்தால், நம் நெடுஞ்சாலை லேனின் அகலமான 3.5 மீட்டரை வைத்துக் கணக்கிட்டால், ஒவ்வொரு தெருமுனைக்கும் ஐந்தரை மீட்டர்.

வளைவின் ஆரம் இந்தக் கணக்கில் வரவே இல்லை என்பதைக் கவனிக்கவேண்டும். ஓட்டக்காரர்கள் பெரும்பாலும் ஏமாறுவது இங்கேதான். தெருமுனையில் சட்டென்று திரும்பும்போது எல்லோருக்கும் உள்பக்கம் போகவேண்டும் என்று தோன்றிவிடும். ஆனால் கடற்கரையோரமாகவோ ஏரிக்கரையிலோ ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு மெல்ல மெல்ல வளைந்து, முடிவில் 90 டிகிரி திரும்பியிருக்கும் சாலையில் யாரும் அதை வளைவாகவே நினைப்பதில்லை. நடுக்கோட்டைப் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். தெருமுனையில் இழப்பது எவ்வளவோ அதே அளவு அங்கேயும் இழக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாமல் இழக்கிறார்கள், அவ்வளவுதான்.

இந்தக் கணக்கை ஓர் உண்மைப் பந்தயத்தில் வைத்துப் பார்க்கலாம். 2017 மே 6 அன்று இத்தாலியின் மோன்ஸா கார் பந்தயத் தடத்தில், இரண்டு மணி நேரத்துக்குள் மாரத்தான் ஓட முடியுமா என்று எலியுட் கிப்சோகே முயன்றார். அங்கே அவர் ஓடியது 2.4 கிலோமீட்டர் சுற்று. மாரத்தான் தூரத்துக்கு அதைச் சுமார் பதினேழரை முறை சுற்றவேண்டும். முன்னே ஒரு மின்சார கார் போய்க்கொண்டிருந்தது; அதிலிருந்து தரையில் விழுந்த பச்சை லேசர் கோடுகளுக்குப் பின்னால், முக்கோண அணிவகுப்பில் பேசர்கள், அவர்களுக்குப் பின்னால் கிப்சோகே. முடித்த நேரம் 2:00:25. இருபத்தைந்து விநாடியில் தவறிவிட்டது.

தடம் எப்படி நெளிந்து போனாலும் ஒரு முழுச் சுற்றின் நிகரத் திருப்பம் 360 டிகிரிதான். எனவே ஒரு மீட்டர் வெளியே நிலையாக ஓடினால் சுற்றுக்கு 6.28 மீட்டர், பதினேழரைச் சுற்றுக்கு 110 மீட்டர். கிப்சோகேயின் அன்றைய வேகம் விநாடிக்கு 5.84 மீட்டர். 110 மீட்டருக்கு ஏறத்தாழ 19 விநாடி! ஒரு கை நீட்டும் தூரத்துக்குச் சற்று அதிகமான இடைவெளிதான் அந்த ஒரு மீட்டர். ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு அதைக் கவனிக்காமல் விட்டால், அவர் தவறவிட்ட நேரத்தின் முக்கால் பங்கு அதிலேயே போய்விடும். அந்தப் பேசர்கள் அணிவகுப்பை ஒவ்வொரு வளைவிலும் எவ்வளவு கட்டுக்கோப்பாகத் திருப்பவேண்டியிருந்தது என்பது இதிலிருந்து புரியும்.

மோன்ஸா ஒரு சுற்றுத் தடம்; கணக்கு எளிது. நகரத் தெருக்களில் நடக்கும் பந்தயம் அப்படியில்லை. இடதும் வலதும் மாறி மாறி வரும். இங்கே ஒரு விசித்திரம் நடக்கிறது. ஒருவர் பந்தயம் முழுவதும் சாலையின் இடப்பக்கத்தை விடாமல் ஓடுகிறார் என்று வைப்போம். இடது வளைவுகளில் அவர் உள்ளே இருப்பதால் லாபம்; வலது வளைவுகளில் வெளியே இருப்பதால் நஷ்டம். இரண்டு திசைத் திருப்பங்களும் சம அளவில் இருந்தால், லாபமும் நஷ்டமும் கழிந்து, சாலையின் நடுக்கோட்டில் ஓடியவரும் அவரும் ஒரே தூரம்தான் ஓடியிருப்பார்கள். ‘நான் ஓரமாத்தானே ஓடினேன்’ என்று சொல்பவருக்கு வாட்ச் கூடுதல் தூரம் காட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஓரம் என்றால் மட்டும் போதாது. அந்தந்த வளைவின் உள் ஓரமாக இருக்கவேண்டும். அதற்கு இரண்டு வளைவுகளுக்கு நடுவே சாலையைக் கடக்கவேண்டும்.

பாஸ்டன் மாரத்தானின் கடைசிக் கட்டம் இதற்கென்றே அமைத்ததுபோல் இருக்கும். காமன்வெல்த் அவென்யூவில் வருபவர்கள் வலப்பக்கம் திரும்பி ஹெர்ஃபோர்ட் தெருவில் நுழைகிறார்கள். அது சிறிய தெரு. அது முடிந்ததும் இடப்பக்கம் திரும்பினால் பாய்ல்ஸ்டன் தெரு. தூரத்தில் முடிவுக்கோடு தெரிகிறது. ‘ஹெர்ஃபோர்டில் வலது, பாய்ல்ஸ்டனில் இடது’ என்பது அந்தப் பந்தயத்தை ஓட ஆசைப்படும் ஒவ்வொருவரும் மனப்பாடமாக வைத்திருக்கும் வாக்கியம். நாற்பத்தொரு கிலோமீட்டருக்கு மேல் ஓடிக் களைத்த காலோடு அந்த இரண்டு முனைகளையும் எப்படிக் கடப்பது?

கணக்குக்காகச் சில அளவுகளை வைத்துக்கொள்வோம். தெருவின் அகலம் 8 மீட்டர். இருபுறமும் 30 செ.மீ. விட்டால் ஓடக் கிடைப்பது 7.4 மீட்டர். இரண்டு முனைகளுக்கும் இடையே 150 மீட்டர். வலது திருப்பத்தில் உள்விளிம்பை உரசித் திரும்பிய ஒருவர், அப்படியே வலப்பக்கமாகவே ஓடிப் போய் அடுத்த இடது திருப்பத்தை வெளிப்பக்கமாகச் சுற்றுகிறார். அந்த ஒரு திருப்பத்தில் அவருக்கு நஷ்டம் 7.4ஐ 1.57ஆல் பெருக்கியது, அதாவது 11.6 மீட்டர். இன்னொருவர், வலது முனையைத் தாண்டியதும் எதிர்ப்பக்க இடது முனையைக் கண்ணால் குறிவைத்து, தெருவின் குறுக்கே சாய்கோடாக ஓடுகிறார். 7.4 மீட்டர் அகலத்தைக் கடந்ததால் அவருக்கு எவ்வளவு கூடுதல்?

18 செ.மீ. ஒரு காலடி நீளம்கூட இல்லை.

பள்ளிக்கூடத்தில் படித்த பிதாகரஸ் தேற்றம்தான் இதற்கு ஆதாரம். சாய்கோட்டால் வரும் கூடுதல் தூரத்துக்கு எளிய வாய்பாடு உண்டு: கடக்கும் அகலத்தை அதே எண்ணால் பெருக்கி, முன்னோக்கி ஓடும் நீளத்தின் இரு மடங்கால் வகுக்கவேண்டும். 7.4ஐ 7.4ஆல் பெருக்கினால் 54.8, அதை 300ஆல் வகுத்தால் 0.18 மீட்டர். 18 செ.மீ. செலவழித்து 11.6 மீட்டரைக் காப்பாற்றலாம். நான்கு மணி நேர மாரத்தான் வேகத்தில் இது நான்கு விநாடி, ஒரே ஒரு முனையில்.

அதே வாய்பாடு இன்னொன்றையும் சொல்கிறது. குறுக்கே கடப்பதை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு மலிவு. 8 மீட்டர் அகலத்தை 200 மீட்டர் நீளத்தில் கடந்தால் செலவு 16 செ.மீ. 50 மீட்டரில் கடந்தால் 64 செ.மீ. வளைவு கண்ணெதிரே வந்த பிறகு பதறிப்போய் 20 மீட்டரில் குறுக்கே பாய்ந்தால் ஒன்றரை மீட்டர். அப்போதும் லாபம்தான், ஆனால் கூட்டத்தின் நடுவே இப்படிப் பாய்கிறவர் பின்னால் வருபவர்கள் காலில் விழுவார், வேகமும் குலையும். அனுபவமுள்ளவர்கள் ஒரு வளைவை முடித்ததும் தலையை நிமிர்த்தி அடுத்த வளைவு எந்தப் பக்கம் என்று பார்ப்பது இதற்காகத்தான். முன்னே ஓடுபவரின் முதுகைப் பார்த்துக்கொண்டே ஓடினால் அவர் போகும் வழியெல்லாம் போகவேண்டியிருக்கும்; அவரோ அவருக்கு முன்னால் இருப்பவரின் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

தெருமுனைகளைவிட அதிகமாக மிச்சம் பிடிக்கக்கூடிய இடம் பூங்காச் சாலைகள். பெரிய திருப்பமே இல்லாமல், நூறு மீட்டருக்கு ஒருமுறை இடதும் வலதுமாக இருபது இருபது டிகிரி நெளிந்து போகும் 8 மீட்டர் சாலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். நடுக்கோட்டில் ஓடுபவர் ஒவ்வொரு நெளிவிலும் உள்விளிம்புக் கோட்டிலிருந்து 3.7 மீட்டர் தள்ளியிருக்கிறார். இருபது டிகிரிக்கு நஷ்டம் 1.3 மீட்டர். குறுக்கே கடக்கும் சாய்கோட்டுச் செலவு 27 செ.மீ. கழித்தால், நெளிவுக்கு நிகர லாபம் ஒரு மீட்டர். கிலோமீட்டருக்குப் பத்து நெளிவு, பத்து மீட்டர். நூற்றுக்கு ஒன்று! இப்படி ஐந்து கிலோமீட்டர் நெளிந்தால் ஐம்பது மீட்டர் மிச்சம். இத்தனைக்கும் அந்தச் சாலையில் ஓடுகிறவர் ‘ஒரு திருப்பம்கூட இல்லை, நேரான பாதை’ என்றுதான் வந்து சொல்வார்.

இனி, ஒருவர் தாம் ஓடப்போகும் பந்தயத்துக்கு மதிப்பீடு செய்வது எப்படி என்று பார்க்கலாம். அமைப்பாளர்கள் வெளியிடும் பாதை வரைபடத்தைப் பெரிதாக அச்சடித்துக்கொண்டு, சாலை எங்கெல்லாம் திசை மாறுகிறதோ அங்கெல்லாம் கோணமானியை வைத்து எத்தனை டிகிரி என்று குறிக்கவேண்டும். இடது, வலது என்று பிரிக்கவேண்டியதில்லை, எல்லாவற்றையும் கூட்டலாம். ஓர் அரை மாரத்தானில் பதினாறு செங்கோணத் திருப்பங்கள் (1,440 டிகிரி), மூன்று யூ-டர்ன்கள் (540 டிகிரி), அங்கங்கே நீளமாக வளையும் சாலைகள் எல்லாம் சேர்ந்து 420 டிகிரி இருப்பதாக வைத்தால், மொத்தம் 2,400 டிகிரி. டிகிரிக்கு 1.75 செ.மீ. வீதம், ஒரு மீட்டர் தள்ளி ஓடுவதற்கு 42 மீட்டர் நஷ்டம். சராசரியாக இரண்டு மீட்டர் தள்ளி ஓடுபவருக்கு 84 மீட்டர். மூன்று மீட்டர் என்றால் 126 மீட்டர். குறுக்கே கடக்கும் செலவாகப் பத்துப் பன்னிரண்டு இடங்களில் இருபது, முப்பது செ.மீ. கழித்தால் மூன்று மீட்டர் குறையும். மதிப்பீடு அதனால் மாறிவிடாது. இரண்டு மணி நேரத்தில் அரை மாரத்தான் முடிப்பவருக்கு 84 மீட்டர் என்பது 29 விநாடி.

இதில் உறுதியாகத் தெரியாத ஒரே அளவு, ஓடுபவர் சராசரியாக எவ்வளவு தள்ளி ஓடுகிறார் என்பதுதான். அதைக் கண்டுபிடிக்க, பயிற்சி ஓட்டத்தில் ஒவ்வொரு திருப்பத்திலும் உள்விளிம்புக்கும் தமக்கும் நடுவே எத்தனை பேர் தோளோடு தோள் நின்று ஓடலாம் என்று பார்த்துக்கொண்டால் போதும். ஓர் ஆளுக்கு முக்கால் மீட்டர் என்று கொள்ளலாம். பந்தயத்தில் எடுத்த புகைப்படங்கள் கிடைத்தால் அவற்றிலும் பார்க்கலாம். அதிகாலைப் பயிற்சியில் மிகச் சரியாக ஓடுபவர்கள்கூட, பந்தய நாளில் சாலையின் நடுவில் மிதப்பதைப் படங்கள் காட்டிக்கொடுத்துவிடும்.

வாட்சை நம்பி இந்த நஷ்டத்தை அளக்க முடியாது. ஜிபிஎஸ் கடிகாரம் குறிக்கும் ஒவ்வொரு புள்ளியும் உண்மையான இடத்திலிருந்து சில மீட்டர் இங்கும் அங்கும் விலகியிருக்கும். அந்தப் புள்ளிகளைச் சேர்த்துக் கோடு போட்டால், நேராக ஓடியவருக்கும் நெளிந்த கோடுதான் கிடைக்கும். நெளிந்த கோடு நேர்கோட்டைவிட எப்போதும் நீளம். உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவிலும் பாலங்களுக்கு அடியிலும் புள்ளிகள் அடுத்த தெருவுக்கே தாவிவிடும். இதற்கு எதிர்த் திசையில், கூர்மையான யூ-டர்னில் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே இருக்கும் வளைவை வாட்ச் வெட்டிவிடுவதால் தூரம் கொஞ்சம் குறையவும் செய்யும். இத்தனை பிழைகள் கலந்த ஓர் எண்ணிலிருந்து, வளைவுகளில் இழந்த 84 மீட்டரை மட்டும் தனியே பிரித்தெடுக்க வழியில்லை. 42.7 காட்டினால் அதில் ஐந்நூறு மீட்டரும் தம் தவறு என்று நொந்துகொள்ளவேண்டாம். ஐந்நூறும் வாட்சின் தவறு என்று தள்ளிவிடவும் முடியாது.

பெர்லின், லண்டன் போன்ற பெரிய மாரத்தான்களில் இந்த வேலையில் பாதியை அமைப்பாளர்களே செய்து கொடுத்துவிடுகிறார்கள். அளந்த குறுக்கு வழியைச் சாலையில் நீலக் கோடாகவே தீட்டி வைத்திருப்பார்கள். 2000 சிட்னி ஒலிம்பிக்கிலும் அப்படியொரு நீலக் கோடு நகரத்தின் வழியே ஓடியது. முன்வரிசையில் ஓடுபவர்கள் அந்தக் கோட்டை விட்டு விலகுவதே இல்லை. பின்னால் வரும் ஆயிரக்கணக்கானோருக்கு அது கண்ணில் படுவதும் கஷ்டம். முன்னே ஓடுபவர்களின் கால்களுக்கு அடியில் மறைந்துபோகும்.

கோட்டைப் பிடித்தே தீரவேண்டும் என்று கூட்டத்தில் முண்டுவதும் நஷ்டத்தில்தான் முடியும். முதல் இரண்டு மூன்று கிலோமீட்டரில் இடைவெளி கிடைத்த பக்கமெல்லாம் புகுந்து, பத்து மீட்டருக்குள் இரண்டு மீட்டர் விலகி, ஒருவரைத் தாண்டி, மறுபடி பத்து மீட்டருக்குள் பழைய இடத்துக்கு வருபவர் ஒவ்வொரு முறையும் 40 செ.மீ. இழக்கிறார். ஐம்பது பேரை இப்படித் தாண்டினால் இருபது மீட்டர் போச்சு. தூரத்தைவிட, வேகத்தைக் கூட்டிக் கூட்டிக் குறைப்பதால் உடம்பு செலவழிக்கும் சக்தி பெரிது. அங்கே கூட்டத்தோடு போவதே மேல்.

சாலையின் ஓரமும் எப்போதும் ஓடத் தகுந்ததாக இருக்காது. மழைநீர் வடிவதற்காகச் சாலையை நடுவில் உயர்த்தி ஓரத்தில் சரித்திருப்பார்கள். அந்தச் சரிவில் கிலோமீட்டர் கணக்கில் ஓடினால் ஒரு கால் மேலேயும் ஒரு கால் கீழேயும் விழுந்து, இடுப்பும் முழங்காலும் வலி எடுக்கும். ஆனால் குறுக்கு வழிக்காரர் விளிம்பில் இருக்கவேண்டியது வளைவின் உச்சியில் சில மீட்டர்தான். நேர்ச்சாலை முழுவதும் அவர் சாய்கோட்டில், பெரும்பாலும் நடுப்பகுதியில் இருப்பார். ஓரத்திலேயே ஒட்டிக்கொண்டு ஓடுபவரைவிட அவருக்குச் சரிவுத் தொல்லை குறைவு. தண்ணீர் மேஜைகள் எந்தப் பக்கம் என்பதையும் வரைபடத்தில் குறித்துக்கொள்வது நல்லது. அடுத்த வளைவுக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் மேஜைக்கு, கடைசி நிமிடத்தில் பாய்ந்து போய்ப் பாய்ந்து வந்தால் மூன்று மீட்டர் செலவாகிவிடும்.

விதியையும் தெரிந்துகொண்டு ஓடவேண்டும். சாலையின் ஒரு பாதியை மட்டும் கோன் வைத்துத் தடுத்து ஓட்டத்துக்கு ஒதுக்கியிருந்தால், அளந்தவர்களும் அந்தப் பாதிக்குள்தான் குறுக்கு வழி போட்டிருப்பார்கள். கோனைத் தாண்டி மறுபாதியிலோ, பிளாட்பாரத்தின் மேல் ஏறியோ முனையை வெட்டுவது பாதையை விட்டு விலகியதாகும். தகுதி நீக்கம் செய்யலாம். ஓடக் கிடைக்கும் அகலம் பாதியானால் மிச்சப்படுத்தக்கூடிய தூரமும் பாதியாகும் என்பதால், மதிப்பீடு போடும்போது சாலையின் அகலத்தை அல்ல, கோன்களுக்கு உள்ளே இருக்கும் அகலத்தைத்தான் எடுத்துக்கொள்ளவேண்டும்.

மிகக் குறுகிய வழி மிக விரைவான வழியாக இல்லாமல் போகும் இடம் ஒன்று உண்டு. அது யூ-டர்ன். நடுச்சாலையில் ஒற்றைக் கோனை வைத்து, அதைச் சுற்றித் திரும்பி வா என்பார்கள். மூன்று மணி நேர மாரத்தான் வேகத்தில், விநாடிக்கு 3.9 மீட்டர் ஓடுபவர் இரண்டு மீட்டர் ஆரத்தில் திரும்பவேண்டுமானால் உடம்பை 38 டிகிரி உள்பக்கம் சாய்க்கவேண்டும். தார்ச்சாலையில், அதுவும் தண்ணீர் சிந்தியிருந்தால், கால் வழுக்கிவிடும். ஆகவே வேகத்தைக் குறைத்துத்தான் ஆகவேண்டும். குறைத்த வேகத்தை மீண்டும் எட்டச் சக்தி செலவாகும். ஐந்து மீட்டர் ஆரத்தில் திரும்பினால் சாய்வு 17 டிகிரிதான், வேகம் அப்படியே இருக்கும். ஆனால் மூன்று மீட்டர் வெளியே போனதற்காக 9.4 மீட்டர் அதிகம் ஓடவேண்டும். அதற்கு இரண்டரை விநாடி பிடிக்கும். நின்று திரும்பி மறுபடி வேகம் எடுப்பதற்கு ஆகும் நேரம் அதைவிடக் குறைவாக இருக்கும் என்பதால், நல்ல ஓட்டக்காரர்கள் இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி பார்க்கிறார்கள். கோனுக்கு வரும்போது ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் தள்ளி வந்து, திரும்பி வெளியேறும்போது கோனை ஒட்டிப் போகிறார்கள். கிலோமீட்டருக்கு ஆறு நிமிடம் என்ற நிதானத்தில் ஓடுபவருக்கு இந்தச் சிக்கலே இல்லை. அவர் அதே இரண்டு மீட்டர் ஆரத்தில் 21 டிகிரி சாய்வோடு, வேகத்தைச் சற்றே குறைத்துத் திரும்பிவிடலாம். அதனால் யூ-டர்னில் உள்பக்கத்தை ஒட்டி ஓடுவது முன்வரிசைக்காரரைவிட மெதுவாக வருபவருக்கே அதிகம் கட்டுப்படியாகும்.